டவர் ஏறுபவரின் அடுத்த படி எது? ஒரே பழுதை நான்கு வேலைகளிலிருந்து பார்ப்போம்

இரண்டு மூன்று ஆண்டுகள் டவர் ஏறிய ஒருவர் "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "சிசிஎன்ஏ எழுதிவிடுங்கள்" என்பதுதான். சிஸ்கோ நிறுவனம் நடத்தும் அடிப்படை நெட்வொர்க் தேர்வு அது. அந்தப் பதில் பாதிதான் சரி. டவர் டெக்னீஷியனுக்கும் நெட்வொர்க் பொறியாளருக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வேலைகள் இருக்கின்றன. அவற்றில் எதன் வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்தே, மேலே ஏறிக் கற்றது பிற்காலத்தில் கைகொடுக்குமா, வீணாகுமா என்பது முடிவாகும்.

பதவிப் பெயர்களை மட்டும் வைத்து இந்த வேலைகளை ஒப்பிட முடியாது. ஒரே பெயருக்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு பொருள். ஆகவே ஒரு பழுதை எடுத்துக்கொண்டு, அதை நான்கு வேலைகளில் இருப்பவர்களும் எப்படிப் பார்ப்பார்கள் என்று பார்ப்போம். எந்த வேலைக்கு எந்தப் பயிற்சி தேவை என்பது அதிலிருந்தே விளங்கும்.

பழுது இதுதான். பத்து கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு டவர்கள். இரண்டையும் 18 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் இணைப்பு சேர்க்கிறது. இரு முனைகளிலும் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிஷ். இணைப்பை நிறுவி, சோதித்து, ஒப்படைத்தாயிற்று. வெயில் நாட்களில் ஒரு குறையும் இல்லை. முதல் பெருமழையில் அழைப்புகள் துண்டிக்கப்படுகின்றன, இணையம் நின்றுபோகிறது. மழை விட்டதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது. அடுத்த பெருமழையில் மறுபடியும் அதே கதை.

டவரின் மேலே

இந்தப் பழுது பிறந்த இடம் டவரின் உச்சி. 60 சென்டிமீட்டர் டிஷ் 18 கிகாஹெர்ட்ஸில் அனுப்பும் கதிரின் அகலம் ஏறக்குறைய இரண்டு பாகைதான். பத்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இன்னொரு டிஷ்ஷின் மேல் அந்த மெல்லிய கதிர் விழ வேண்டும். மையக் கதிருக்கு இருபுறமும் வலுக்குறைந்த பக்கக் கதிர்களும் உண்டு. அவற்றில் முதலாவது, மையக் கதிரைவிட ஏறத்தாழ 20 டெசிபெல் கீழே இருக்கும். அதாவது நூறில் ஒரு பங்கு ஆற்றல்.

டெக்னீஷியன் சேணத்தில் தொங்கியபடி நுண்சரிப்படுத்தும் போல்ட்டைத் திருப்புகிறார். ரேடியோ பெட்டியின் முனையில் செருகிய மல்டிமீட்டரில் அளவு ஏறுகிறது, உச்சம் தொடுகிறது, பிறகு இறங்குகிறது. உச்சத்துக்குத் திரும்பி வந்து போல்ட்டை இறுக்குகிறார். கீழே இருப்பவர் "இணைப்பு வந்துவிட்டது" என்று சொல்கிறார். வேலை முடிந்தது போலத்தான் தோன்றும். ஆனால் அவர் பிடித்திருப்பது பக்கக் கதிரின் உச்சம். டிஷ்ஷை அகலமாக, ஒரு பக்கத்துக்குப் பல பாகைகள் நகர்த்திப் பார்த்திருந்தால் மீட்டரில் மூன்று உச்சங்கள் தெரிந்திருக்கும்: சிறியது, பெரியது, சிறியது. நடுவில் இருக்கும் பெரியதுதான் மையக் கதிர். ஒரே உச்சத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டால், எதைப் பிடித்தோம் என்று மீட்டர் சொல்லாது. கிடைமட்டத்தில் செய்ததைச் செங்குத்துத் திசையிலும் செய்ய வேண்டும். பிறகு மறுமுனையில் இருப்பவரும் அதேபோல் செய்ய வேண்டும். ஒரு முனை அசையும்போது மற்றது அசையக் கூடாது.

இந்த வேலைக்கான பயிற்சி இரு வகை. முதல் வகை உயிர் காப்பது. உயரத்தில் வேலை செய்வதற்கும் மீட்பதற்குமான பயிற்சி சில நாட்களில் முடிந்துவிடும். சான்றிதழைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும். அதில் பலரும் அக்கறை காட்டாத பகுதி மீட்பு. ஆனால் அதுதான் தலையாயது. தவறி விழுந்தவரைச் சேணம் தாங்கிவிடும். ஆனால் அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி, நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்து நேரும். வெளியிலிருந்து மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க முடியாது. தளத்தில் இருக்கும் சக ஊழியரே கீழே இறக்கியாக வேண்டும். மீட்பைக் கையால் செய்து பார்க்க வைக்காத பயிற்சி நிலையத்தின் சான்றிதழை நான் மதிக்க மாட்டேன். இதோடு முதலுதவி, இயங்கும் ஆன்டெனாக்களின் முன் எவ்வளவு தூரம் விலகி நிற்பது, யாரிடம் சொல்லி அவற்றின் ஆற்றலைக் குறைக்கச் செய்வது ஆகியவையும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வகை கைத்திறன். கனெக்டரை முறுக்குவிசை அளக்கும் ஸ்பானரால் இறுக்குவது, நீர் புகாமல் சுற்றுவது, ஃபைபர் முனையைத் துடைத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே செருகுவது, மைனஸ் 48 வோல்ட் மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் கையாள்வது, கேபிளைச் சோதிக்கும் கருவியைப் படிப்பது. இவற்றை வகுப்பறையில் முழுதாகக் கற்க முடியாது. நல்ல மூத்தவர் ஒருவரின் கீழ் ஓராண்டு வேலை செய்தால் கை பழகிவிடும்.

டவரிலேயே தொடர்ந்து குழுத்தலைவராவது மதிப்புள்ள ஒரு தேர்வு. கனமான ஆன்டெனாக்களைக் கயிறும் கப்பியும் கொண்டு ஏற்றும் முறை, எடைக் கணக்கு, மீட்புத் திட்டம் எழுதுவது ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. அங்கிருந்து பாதுகாப்பு அதிகாரியாகவோ, டவர் ஆய்வாளராகவோ, பயிற்சியாளராகவோ போகலாம். ஆனால் இரண்டு உண்மைகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒன்று, தோளும் முழங்காலும் எத்தனை ஆண்டுக்கு இதைத் தாங்கும் என்பது. இன்னொன்று, நிறுவும் பணிகள் அலை அலையாக வருபவை. புதிய தலைமுறைக் கருவிகள் ஏறும்போது ஆள் போதாது, ஏறி முடிந்ததும் வேலை குறைந்துவிடும்.

கீழே, மடிக்கணினியோடு

அதே நாளில் டவரின் அடியில் நின்று "இணைப்பு வந்துவிட்டது" என்று சொன்னவர் களப்பொறியாளர். நிறுவிய கருவிக்கு உயிர்கொடுத்து நெட்வொர்க்கில் சேர்ப்பது அவர் வேலை. இந்தப் பழுதை அவர் அன்றைக்கே பிடித்திருக்க முடியும். அதற்குத் தேவைப்பட்டது இரண்டு வரிக் கணக்கு. முதல் வரி, அலை காற்றுவெளியைக் கடக்கும்போது எவ்வளவு இழக்கிறது என்பது. தொலைவைக் கிலோமீட்டரிலும் அலைவெண்ணைக் கிகாஹெர்ட்ஸிலும் இடுகிறோம். இரண்டாம் வரி, அனுப்பும் ஆற்றலோடு, இரு டிஷ்களும் கதிரைக் குவிப்பதால் கிடைக்கும் பெருக்கத்தையும் கூட்டி, இழப்பைக் கழிப்பது. அனுப்பும் ஆற்றல் 20 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டைவிட 20 டெசிபெல் அதிகம் என்றும், டிஷ் ஒவ்வொன்றின் பெருக்கம் 38.5 டெசிபெல் என்றும் வைத்துக்கொள்வோம்.

```
92.45 + 20 log10(10) + 20 log10(18) = 137.6
20 + 38.5 + 38.5 - 137.6 = -40.6
```

மறுமுனையில் ஏறக்குறைய மைனஸ் 41 டிபிஎம் வர வேண்டும். ஓரிரண்டு டெசிபெல் கூடக் குறைய இருந்தால் குற்றமில்லை. ஆனால் திரையில் மைனஸ் 62 என்று இருந்தது. 20 டெசிபெல்லுக்கு மேல் குறை என்றால் அது பக்கக் கதிர் என்பது இந்த வேலையில் பழகியவர்களுக்கு உடனே தோன்றும் எண்ணம். இணைப்பு பச்சையாகக் காட்டியதால், எண்ணைப் பார்த்தும் பார்க்காமல் ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள்.

வெயிலில் ஓடியது மழையில் ஏன் நின்றது என்பதற்கும் இந்தக் கணக்கே விடை தருகிறது. இந்த அலைவெண்ணில், பத்து கிலோமீட்டர் பாதையில், பெருமழை 20 டெசிபெல்லையும் அதற்கு மேலும் விழுங்கிவிடும். சரியாகத் திசைப்படுத்திய இணைப்பு மைனஸ் 41-லிருந்து மைனஸ் 61-க்கு இறங்கும். அப்போதும் நன்றாக ஓடும். தவறாகத் திசைப்படுத்தியது மைனஸ் 82-க்குப் போகும். இத்தகைய ரேடியோக்கள், அலையில் தரவை ஏற்றும் முறையான பண்பேற்றத்தை மிகத் தாழ்ந்த நிலைக்கு இறக்கி, உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லை அது. மழை இன்னும் சற்று வலுத்தால் முழுதாக அறுந்துவிடும்.

களப்பொறியாளருக்கான பயிற்சி மூன்று துண்டுகளாக வரும். முதலில் டெசிபெல் கணக்கு. 3 கூடினால் இருமடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு என்பது மனத்தில் பதிந்தால் போதும். மற்றதெல்லாம் கூட்டலும் கழித்தலும்தான். பள்ளிக் கணக்கு வந்தவர் இதை இரண்டு வாரத்தில் கற்றுவிடலாம். அடுத்து, கருவி தயாரிக்கும் நிறுவனம் நடத்தும் பயிற்சி. இது சில நாட்கள் முதல் ஓரிரு வாரங்கள் வரை நீளும். பெரும்பாலும் வேலை தருபவரே அனுப்புவார். தன் செலவில் சேர்வதற்கு ஏற்ற பயிற்சி அல்ல இது, ஏனென்றால் கருவி மாறினால் பாதி மறந்துபோகும். மூன்றாவதாக, ஐபி முகவரியும், ஒரே கேபிளில் போகும் தரவைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் வி-லேனும். தளத்தில் எந்தப் பெட்டிக்கு எந்த முகவரி, மேலாண்மைத் தரவு எந்த வி-லேனில் போகிறது, ஏன் கருவியைத் தொலைவிலிருந்து எட்ட முடியவில்லை ஆகிய கேள்விகள் அன்றாடம் வரும். நெட்வொர்க் படிப்பின் முதல் அத்தியாயத்தை இங்கேயே சம்பளத்தோடு படிக்கிறீர்கள்.

டவர் டெக்னீஷியனுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்தப் படியைத்தான். மேலே இருப்பவர் என்ன செய்கிறார் என்று தெரிந்த களப்பொறியாளர், "நடுவில் இருக்கும் உச்சத்தைப் பிடித்தீர்களா? இருபுறமும் என்ன அளவு வந்தது?" என்று கேட்பார். ஏறியே பார்க்காதவருக்கு அந்தக் கேள்வி தோன்றாது. வேலை மாறுவதற்கு அந்நியரிடம் நேர்காணலும் வேண்டியதில்லை. உங்களுடன் தளத்துக்கு வரும் பொறியாளரிடமே ஒப்படைப்புப் படிவத்தை நானே நிரப்புகிறேன் என்று கேட்டு வாங்கலாம். அளவுகளை நீங்கள் எடுங்கள், எதிர்பார்த்த எண்ணோடு நீங்களே ஒப்பிடுங்கள், அவர் சரிபார்க்கட்டும். பல பேர் மேலிருந்து கீழே இறங்கியது இந்த வழியில்தான்.

இதன் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். பயணம் குறையாது. நெட்வொர்க் மாற்றங்களை வாடிக்கையாளர் உறங்கும் நேரத்தில்தான் செய்ய விடுவார்கள் என்பதால், நள்ளிரவு வேலை வழக்கமாகிவிடும். ஒரே தயாரிப்பாளரின் கருவியில் ஐந்தாறு ஆண்டுகள் ஊறிவிட்டால், அந்த மெனுக்கள் தெரியுமே தவிர அடிப்படை தெரியாத நிலையும் வரும்.

இதே இடத்தில் ஒரு கிளைப்பாதை பிரிகிறது. சிக்னல் அளவுகளை வண்டியில் போய் அளந்து, ஆன்டெனாவின் சாய்வையும் திசையையும் திருத்தச் சொல்லும் ரேடியோ மேம்பாட்டு வேலை அது. இரண்டு திசைகளுக்குரிய கேபிள்கள் மாறிப் பொருத்தப்பட்டதை வரைபடத்தில் உள்ள நிறங்களைப் பார்த்தே கண்டுபிடிப்பவர்கள் இவர்கள். டவர் அனுபவம் இங்கே பெரும் பலம். ஆனால் இது ரேடியோப் பொறியாளரை நோக்கிப் போகும் வழி. ரவுட்டர் பக்கம் போக விரும்புபவருக்கு இது சுற்றுவழி.

கண்காணிப்பு மையத்தில்

மழை இரவன்று கண்காணிப்பு மையத்தில் இருப்பவரின் திரையில் முதலில் வருவது பண்பேற்றம் இறங்கியதற்கான எச்சரிக்கை. பிறகு இணைப்பு அறுந்ததற்கான அலாரம். அதன் பின்னால் இருக்கும் தளங்களில் எல்லாம் தரவு தவறுகிறது என்று வரிசையாக அலாரங்கள். இருபது நிமிடத்தில் அத்தனையும் தானாக அணைந்துவிடுகின்றன. முதல் நிலை ஊழியர் புகார்ச் சீட்டில் "மழை, தானாகச் சரியானது" என்று எழுதி மூடுகிறார். அடுத்த மழைக்கு வேறு ஷிப்டில் வேறொருவர் அதையே எழுதுகிறார்.

பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய தகவல் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ரேடியோக்கள் பெறும் சிக்னலின் குறைந்த அளவையும் அதிக அளவையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்து வைக்கின்றன. மழை நாளின் வரைபடத்தை விட்டுவிட்டு, மழையே இல்லாத ஒரு நாளின் வரைபடத்தைத் திறந்தால் மைனஸ் 62 என்ற நேர்க்கோடு தெரியும். வடிவமைப்பு ஆவணத்தில் மைனஸ் 41. வெயிலிலும் அளவு குறைவு என்றால் மழை காரணமல்ல. மழை முன்பே இருந்த குறையை வெளிக்காட்டியது, அவ்வளவே. அதே பகுதியில் அதே மழையில் நனைந்த பக்கத்து இணைப்பு அறுந்ததா என்று பார்ப்பது இரண்டாவது சோதனை.

இப்படிப் பார்த்து, "மழையற்ற நாளிலும் பெறும் அளவு மைனஸ் 62, வடிவமைப்பு மைனஸ் 41, பக்கத்து இணைப்பு பாதிக்கப்படவில்லை, ஒரு முனை பக்கக் கதிரில் திசைப்பட்டிருக்கலாம், இரு முனைகளிலும் குழு தேவை" என்று எழுதப்பட்ட சீட்டுக்கும் முன்பு எழுதப்பட்டதுக்கும் உள்ள வேறுபாடுதான் இரண்டாம் நிலைக்கும் முதல் நிலைக்கும் உள்ள வேறுபாடு. டவர் ஏறியவருக்கு இது மற்றவரைவிட எளிதில் வரும்.

கண்காணிப்பு மையத்தில் சேரத் தேவையான பயிற்சி மற்றவற்றைவிடக் குறைவு. நெட்வொர்க் அடிப்படை, அலாரங்களைப் படிப்பது, தெளிவாக எழுதுவது, தொலைபேசியில் பதறாமல் பேசுவது. சேவை மேலாண்மைக்கான ஐடிஐஎல் அடித்தளச் சான்றிதழைச் சில இடங்களில் கேட்பார்கள். அதைப் படிக்க ஓரிரு வாரம் போதும். காயத்தால் ஏற முடியாதவர்களுக்கும், ஒரே ஊரில் இருந்தாக வேண்டியவர்களுக்கும் இது நல்ல வாசல். ஷிப்டின் அமைதியான நேரங்களில் படிக்கவும் முடியும்.

ஆனால் சேர்வதற்கு முன் ஒரு கேள்வியை நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்: "ஷிப்ட் ஊழியர்கள் கருவிக்குள் உள்நுழைந்து பார்க்கலாமா, அல்லது சீட்டை அடுத்தவருக்கு அனுப்புவது மட்டும்தானா?" வெறும் பார்வை அனுமதி கொடுத்தால்கூடப் போதும், ரவுட்டரின் நிலையைப் பார்த்துப் பார்த்துக் கற்கலாம். சீட்டை அனுப்புவது மட்டுமே வேலை என்றால், ஐந்து ஆண்டு அனுபவமும் ஓராண்டு அனுபவமும் ஒன்றுதான். இரவு ஷிப்டின் களைப்பைச் சகித்துக்கொண்டு அங்கே தங்குவதற்கு நான் காரணம் காணவில்லை.

ரவுட்டருக்குள்

நெட்வொர்க் பொறியாளருக்கு இந்தப் பழுது வேறொரு முகத்தைக் காட்டுகிறது. அவர் கேட்பது: இந்த டவருக்கு இன்னொரு வழியாக ஃபைபர் இணைப்பும் இருக்கிறதே, போக்குவரத்து ஏன் அங்கே மாறவில்லை?

மைக்ரோவேவ் ரேடியோவும் ரவுட்டரும் ஒரு குட்டைக் கேபிளால் இணைந்திருக்கின்றன. அந்தப் போர்ட் வினாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில், எந்த மழையிலும் உயிரோடு இருக்கிறது. காற்றில் உள்ள இணைப்போ, 28 மெகாஹெர்ட்ஸ் சானலில் நல்ல நாளில் சுமார் 180 மெகாபிட்டைக் கொண்டுபோகும். மழையில் பண்பேற்றம் அடிமட்டத்துக்கு இறங்கும்போது சுமார் 40 மெகாபிட். இந்தச் சுருக்கம் ரவுட்டருக்குத் தெரியாது. அது வழக்கம்போல் தரவைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ரேடியோவின் வாசலில் நெரிசல் ஏற்பட்டு, முன்னுரிமை அமைக்கப்படாததால் குரலும் படமும் பாகுபாடின்றி வீசியெறியப்படுகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. ஓஎஸ்பிஎஃப் வழிகாட்டு நெறிமுறை, போர்ட்டின் வேகத்தை வைத்து ஒவ்வொரு பாதைக்கும் ஒரு செலவு எண் கொடுக்கும். சிஸ்கோ ரவுட்டர்களில் பழைய இயல்பமைப்பின்படி ஒப்பீட்டு வேகம் 100 மெகாபிட். அதற்குச் சமமாகவோ மேலாகவோ உள்ள எதற்கும் செலவு 1. ஆகவே 1 கிகாபிட் மைக்ரோவேவ் போர்ட்டுக்கும் 1, 10 கிகாபிட் ஃபைபர் போர்ட்டுக்கும் 1. ரவுட்டரின் கண்ணில் இரண்டும் ஒரே தரம். பாதிப் போக்குவரத்து மழையில் நனையும் வழியிலேயே போகிறது. ஒப்பீட்டு வேகத்தை எல்லா ரவுட்டர்களிலும் ஒரே மாதிரி மாற்றுவது முதல் திருத்தம்.

```
router ospf 1
 auto-cost reference-bandwidth 100000
```

இப்போது ஃபைபருக்குச் செலவு 10, மைக்ரோவேவுக்கு 100. குறைந்த செலவுள்ள ஃபைபர் முதன்மை வழியாகிறது. மைக்ரோவேவ் காத்திருக்கும் வழியாகிறது. ஒரு ரவுட்டரில் மாற்றி மற்றொன்றில் மறந்துவிட்டால், போகும் வழி ஒன்றும் திரும்பும் வழி வேறொன்றுமாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் இந்த இரண்டு வரிகளைத் தட்டச்சு செய்வதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும், தவறினால் எப்படித் திரும்ப வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்பவரையே பொறியாளர் என்று சொல்வேன்.

பயிற்சிக்கு வருவோம். சிசிஎன்ஏ தேர்வின் எண் 200-301; இரண்டு மணி நேரம்; எழுதுவதற்கு முன்தகுதி எதுவும் கட்டாயமில்லை; சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். முகவரி, சுவிட்ச், ஓஎஸ்பிஎஃப், அடிப்படைப் பாதுகாப்பு ஆகியவற்றை முறையாகக் கற்க இது நல்ல சட்டகம். வேலை பார்த்துக்கொண்டே நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதம் ஆகும் என்பது என் கணிப்பு. அதில் பெரும்பகுதியைப் புத்தகத்தில் செலவிடாதீர்கள். பாக்கெட் டிரேசர், ஜிஎன்எஸ்3 போன்ற மென்பொருளில் மூன்று ரவுட்டர்களை முக்கோணமாக இணைத்து, மேலே சொன்ன பழுதை நீங்களே உண்டாக்கிப் பாருங்கள். ஒரு வழியை அறுத்து, போக்குவரத்து எத்தனை வினாடியில் மாறுகிறது என்று அளவிடுங்கள். ஒரு மைக்ரோவேவ் இணைப்பின் இரு முனைகளுக்கும் `/30` முகவரித் தொகுதியிலிருந்து முகவரி கொடுங்கள்: `10.20.0.4/30` என்றால் பயன்படுத்தக் கூடியவை `10.20.0.5`, `10.20.0.6` என்ற இரண்டே. இது காகிதமில்லாமல் வர வேண்டும்.

ஆனால் சிசிஎன்ஏ சொல்லித்தராதவையும் உண்டு. தொலைத்தொடர்பு நெட்வொர்க்கின் முதுகெலும்பான எம்பிஎல்எஸ் அதில் இல்லை. நிறுவனங்களுக்கு இடையே வழிகாட்டும் பிஜிபியும் அதன் பாடத்தில் இல்லை. இவை அதற்கு அடுத்த சிசிஎன்பி நிலையில் வருகின்றன. அங்கே ஒரு மையத் தேர்வும் ஒரு சிறப்புத் தேர்வும் எழுத வேண்டும். பலர் யோசிக்காமல் அலுவலக நெட்வொர்க்குக்கான என்டர்பிரைஸ் பிரிவை எடுக்கிறார்கள். டவரிலிருந்து வந்தவருக்குப் பொருத்தமானது சர்வீஸ் புரொவைடர் பிரிவு. அதன் மையத் தேர்வு 350-501. உங்கள் நிறுவனத்தில் ஜூனிபர் அல்லது நோக்கியா ரவுட்டர்கள் இருந்தால் அவற்றின் சான்றிதழ்களே உள்ளூரில் அதிகம் செல்லும். எந்தக் கருவி ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத் தேர்வு செய்யுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

வேலையை விட்டுவிட்டு நேராகச் சிசிஎன்ஏ எழுதி நெட்வொர்க் பொறியாளராக முயல்வதுதான் நான்கில் மிகவும் இடர் நிறைந்தது. தேர்வில் தேறுவது கடினமல்ல. நேர்காணலில் "ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்கில் நீங்கள் செய்த மாற்றம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது. அதோடு, அதே சான்றிதழோடு கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்களின் வரிசையில் போய் நிற்கிறீர்கள். உங்களுக்கு மட்டுமே உள்ள டவர் அனுபவத்தை அந்த வரிசையில் யாரும் எடைபோட மாட்டார்கள்.

உடல் நன்றாக இருந்து, பயணம் தொல்லையாக இல்லாவிட்டால், களப்பொறியாளர் படியில் இரண்டு ஆண்டுகள் இருந்துகொண்டே சிசிஎன்ஏ படிப்பதுதான் நான் எடுக்கும் வழி. மைக்ரோவேவும் ஃபைபரும் ஐபியும் ஒரே கையில் இருக்கும் ஆட்கள் குறைவு. போக்குவரத்து நெட்வொர்க் பிரிவில் அவர்களைத் தேடி எடுப்பார்கள். ஏற முடியாத நிலை வந்துவிட்டால், உள்நுழைவு அனுமதி தரும் கண்காணிப்பு மையத்தில் சேர்ந்து, ஓராண்டுக்குள் இரண்டாம் நிலைக்குப் போக முயலுங்கள். போக வழியில்லை என்று தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள். ஏறுவதில்தான் மனம் நிறைகிறது என்றால் டவரிலேயே இருங்கள். ஆனால் மீட்பிலும் பாரம் ஏற்றுவதிலும் அடுத்த நிலைச் சான்றிதழை உடல் வலுவாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், ஏறாமல் செய்யும் பொறுப்புகளுக்கு அதுதான் நுழைவுச்சீட்டு.

எந்த வழியானாலும் முதல் மாதத்தில் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நீங்கள் ஏறிய கடைசி மூன்று தளங்களின் வடிவமைப்பு ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். எதிர்பார்த்த அளவை மேலே உள்ள கணக்கின்படி நீங்களே போட்டுப் பாருங்கள். ஒப்படைப்புப் படிவத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஐந்து டெசிபெல்லுக்கு மேல் வேறுபாடு இருந்தால் கேபிளா, கனெக்டரா, திசையா என்று தேடுங்கள். கண்டுபிடித்ததை ஐந்து வரியில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். களப்பொறியாளர் இடம் காலியாகும்போது அவர் முதலில் நினைப்பது அந்த ஐந்து வரியை எழுதியவரைத்தான்.